ஏழு புகைப்படங்களும் ஒரு படிகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்பது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற படிகவியல் அறிஞர் ஒருவரைப் பற்றி 50 நிமிட ஆவணப்படம் எடுக்க முயல்கிறேன். அவரிடமும் உறவினர்களிடமும் தேடியதில் கிடைத்தவை 7 புகைப்படங்கள், 4 நிமிட வானொலி உரை பதிவான ஒலிநாடா ஒன்று, 11 ஆய்வகக் குறிப்பேடுகள். குறிப்பேடுகளில் பெரும்பாலும் தேதிகளும் காலை, மாலை வெப்பநிலைகளும்தான் இருக்கின்றன. அவர் வளர்த்த பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகம் ஒன்று, நடுவே வெண்பட்டையோடு, மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க வைக்கப்பட்டிருக்கிறது. பிறப்பிலிருந்து ஓய்வு வரை வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதல் 30 ஆண்டுகளுக்குக் காட்ட ஏதுமில்லை. நடிகர்களை வைத்து அக்காலத்தை நடித்துக் காட்டலாம் என்கிறார்கள் நண்பர்கள். இந்தப் படத்தை எப்படிக் கட்டமைப்பது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

ஒரு புகைப்படத்தைத் திரையில் 10 நொடிகள் நிறுத்தினால் ஏழும் 70 நொடிகளில் முடிந்துவிடும். ஒலிநாடாவையும் சேர்த்தால் ஐந்தே கால் நிமிடத்துக்குக் குறைவு. எனவே மீதி 45 நிமிடங்களை எப்படி நிரப்புவது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வரிசைக்கிரமமான வாழ்க்கைக் கதையில் இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. புகைப்படங்கள் வாழ்க்கை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. திருமணம், பட்டமளிப்பு, விருது, பணிநிறைவு விழா ஆகியவற்றின்போதுதான் யாரோ ஒருவர் கருவி கொண்டுவந்திருப்பார். வேலை நடந்த சாதாரண நாட்களை எவரும் படமெடுக்கவில்லை. ஆகவே இருக்கும் படங்களை ஆண்டுவரிசையில் கோத்தால், அவர் வாழ்நாளில் மிகக் குறைவாக ஈடுபட்ட காரியங்களே, அதாவது மாலை வாங்கிக்கொள்வதும் வரிசையாக நிற்பதுமே, படத்தின் பெரும்பகுதியாகிவிடும்.

உங்களிடம் பதிவுகள் குறைவு என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அறிவியலில் பதிவு என்பது கருவியும் கையும் எழுதிவைத்ததுதான். 1967இல் வானியல் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல் முதல் துடிப்பு விண்மீனைக் கண்டடைந்தது, வானொலித் தொலைநோக்கியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு வெளிவந்த வரைபடத் தாளில் அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு கிறுக்கலைக் கவனித்ததால். அந்நாளைக் காட்டுவதற்கு அவரது முகத்தைவிட அந்தத் தாள்தான் பொருத்தமானது. உங்களிடமும் அப்படியொரு பொருள் இருக்கிறது. போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் அந்த வெண்பட்டைதான் அது.

கரைசலை மெல்லக் குளிர்வித்து இவ்வகைப் படிகத்தை வளர்ப்பவர்கள், நைலான் நூலில் கட்டிய சிறு வித்துப் படிகத்தை வெதுவெதுப்பான கரைசலில் தொங்கவிட்டு, நாளுக்கு அரை டிகிரி அல்லது அதற்கும் குறைவாக வெப்பத்தைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். 50 டிகிரியில் தொடங்கி 30 டிகிரியில் முடிப்பதென்றால் 40 நாட்கள் ஆகும். இடையில் மின்சாரம் போனால் தொட்டி சில மணி நேரத்திலேயே பல டிகிரி குளிர்ந்துவிடும். கரைசல் தாங்கக்கூடியதைவிட அதிகமாக உப்பு அதில் மிஞ்சும். படிகம் அவசரமாக வளரும். அந்த அவசரத்தில் கரைசலின் நுண்துளிகள் உள்ளே சிறைப்பட்டு வெண்மையான அடுக்காகத் தங்கிவிடும். பிறகு நிதானமாக வளர்ந்த பகுதி மறுபடியும் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். வெண்பட்டைக்கு இதுதான் காரணம் என்றால், அது ஏதோ ஓர் இரவின் பதிவு. அந்த இரவுக்கான தேதி பதினொரு குறிப்பேடுகளில் ஒன்றில் இருக்க வாய்ப்புண்டு.

முதலில் அந்தப் பட்டை உள்ளே இருக்கிறதா, மேற்பரப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த உப்பு நீரில் கரையக்கூடியது என்பதால் ஈரக்காற்றும் விரல் வியர்வையும் பட்டுப் புறத்தே மங்கிப்போவதும் உண்டு. அதனால் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். அறிஞரின் அனுமதியோடு ஒரு கண்ணாடிக் குவளையில் திரவப் பாரஃபினை ஊற்றி அதில் படிகத்தை மூழ்கவையுங்கள். இரண்டின் ஒளிவிலகல் எண்களும் நெருங்கியவை என்பதால் மேற்பரப்பு மங்கல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். உள்ளே சிறைப்பட்ட பட்டை மட்டும் அப்படியே நிற்கும். இதைப் படமாக்கியே செய்யுங்கள். மங்கலான ஒரு கல் எண்ணெய்க்குள் இறங்கியதும் தெளிந்து, தன்னுள் இருப்பதைக் காட்டுவது படத்தின் தொடக்கக் காட்சியாகவே அமையலாம்.

அடுத்து, குறிப்பேடுகளில் திடீரென்று வெப்பநிலை சரிந்த இடங்களைத் தேடுங்கள். ஒரே சீராக அரை அரை டிகிரியாக இறங்கிவரும் எண்களுக்கிடையே இரண்டு, மூன்று டிகிரி பள்ளம் தெரிந்தால் அந்த வளர்ப்பு முழுவதையும் தனியே படியெடுங்கள். முடிவில் படிகத்தின் எடையும் நீளமும் எழுதப்பட்டிருந்தால் உங்கள் படிகத்தை நிறுத்தும் அளந்தும் ஒப்பிடலாம். வித்திலிருந்து பட்டைவரை உள்ள தூரத்தை நாட்கணக்கோடு ஒப்பிடுவதும் உதவும், ஆனால் வளர்ச்சி எல்லா நாளும் ஒரே வேகத்தில் இருக்காது என்பதால் அது தோராயமான சான்றுதான். எதுவும் பொருந்தவில்லையென்றால் இது அந்தக் காலத்துப் படிகங்களில் ஒன்று என்று மட்டும் சொல்லுங்கள். பொருந்தாததைப் பொருத்திக் காட்டினால் பிற்பாடு குறிப்பேட்டைப் புரட்டும் எந்த மாணவரும் கண்டுபிடித்துவிடுவார்.

பொருந்தியது என்று வைத்துக்கொள்வோம். அப்போது படத்தின் முதுகெலும்பு அந்த ஒரே வளர்ப்புதான், எண்பது ஆண்டுகள் அல்ல. திரையில் ஆண்டுகளுக்குப் பதிலாக வெப்பநிலைகள் வரட்டும்: 50, 46, 41 என்று. ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் வாழ்க்கைக்குள் ஒரு வழி திறக்கும். ஞாயிற்றுக்கிழமையும் வெப்பநிலை குறிக்கப்பட்டிருந்தால் அன்று யார் வீட்டில் காத்திருந்தார்கள் என்று கேட்கலாம். நான்கு நாட்கள் வேறு கையெழுத்து இருந்தால் அவர் எங்கே போயிருந்தார் என்று கேட்கலாம். பிறப்பும் படிப்பும் கேள்விக்குத் தேவைப்படும் அளவுக்கு, தேவைப்படும் இடத்தில் வந்துசேரும். புகைப்படமே இல்லாத முதல் 30 ஆண்டுகள் அவரது குரலில் ஐந்தாறு நிமிடங்களாகச் சுருங்கினால் குறையொன்றுமில்லை. பார்வையாளருக்கோ தொடர்ந்து ஒரே ஒரு கேள்வி இருக்கும்: இந்தப் படிகம் பிழைக்குமா? பட்டையை முதலிலேயே பார்த்துவிட்டதால், என்ன நடந்தது என்பதற்காக அந்த இரவுவரை அவர்கள் காத்திருப்பார்கள்.

நடிகர் வேண்டாம். முகமே அதிகம் பதிவாகாத ஒருவருக்கு நீங்கள் ஒரு முகத்தைக் கொடுத்தால் பார்வையாளர் நினைவில் தங்குவது அந்த முகம்தான். மாறாக, அதே வளர்ப்பை இன்றைக்கு மறுபடியும் செய்யுங்கள். படிகம் வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் மாணவர்கள் செய்யட்டும், குறிப்பேட்டின் எண்களைப் பின்பற்றட்டும், அவர் பக்கத்தில் அமர்ந்து திருத்தட்டும். முடிச்சு போடும் விதம் தவறு என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம், அவருடைய பொறுமையைப் பற்றி மூன்று பேர் சொல்லும் சான்றுரைகளைவிட மேலானது. இது நடிப்பல்ல, இன்று நடப்பது. இன்று நடப்பதாகவே காட்டப்படுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு சட்டகம் எடுத்தால் 40 நாட்களில் 5760 சட்டகங்கள், நொடிக்கு 24 என்று ஓட்டினால் சரியாக 4 நிமிடங்கள் கிடைக்கும். விளக்கைத் தொடர்ந்து எரியவிடாதீர்கள். அதன் சூடு தொட்டியின் வெப்பநிலையைக் குலைக்கும். சட்டகம் எடுக்கும் கணத்தில் மட்டும் எரியுமாறு அமைத்து, ஒளியளவைக் கைமுறையில் பூட்டிவிடுங்கள்.

நேர்காணலில் அவசரம் கூடாது. ஒரு முறைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். முதல் மூன்று, நான்கு அமர்வுகளை வெறும் ஒலிப்பதிவாகவே வைத்துக்கொள்ளுங்கள். பல மேடைகளில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகள் முதலில் வந்து தீர்ந்துவிட வேண்டும். அதன் பிறகு கேள்வி கேட்காமல் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை அவர் முன் வைத்து, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் அவர் மௌனமானால் உதவிக்குப் போகாதீர்கள்.

இதை நான் தவறு செய்து கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த படத்தில் ஓய்வுபெற்ற அறிஞர் ஒருவர், முக்கியமான அளவீடு நள்ளிரவில் தனியாக இருக்கும்போது கிடைத்ததாக மிக அழகாகச் சொன்னார். நானும் இருட்டும் மேசை விளக்குமாக ஒரு காட்சியே எடுத்துவிட்டேன். படத்தொகுப்பின்போதுதான் குறிப்பேட்டைச் சரியாகப் படித்தேன். நேரம் பகல் 12.20, கையெழுத்து அவருடையதல்ல, தொழில்நுட்ப உதவியாளருடையது. அவர் பொய் சொல்லவில்லை. முக்கியமானதை உணர்ந்தது அன்று இரவாக இருக்கலாம். நாற்பதாண்டுகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பக்கத்தை அவரிடம் காட்டியபோது வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, உதவியாளரின் பெயரைச் சொல்லி, அவன்தான் கூப்பிட்டான் என்றார். இருட்டுக் காட்சி போயிற்று. அந்தப் பார்வை படத்தில் இருக்கிறது. நினைவும் குறிப்பும் முரண்பட்டால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். வேறு கையெழுத்துகளைக் கண்டால் அவர்களையும் தேடிப் போங்கள். வீட்டுப் பரணில் வேறு புகைப்படங்கள் இருப்பது பெரும்பாலும் அவர்களிடம்தான்.

குறிப்பேட்டுக்கும் எல்லை உண்டு. பதவி உயர்வு ஏன் தள்ளிப்போனது, யாரோடு பேச்சு நின்றது என்பதெல்லாம் அதில் இராது. அவர் சொல்ல விரும்பாதவற்றை எண்களைக் கொண்டு நீங்களாக ஊகித்து நிரப்பாதீர்கள்.

புகைப்படங்களைப் பற்றிச் சுருக்கமாக. 4க்கு 6 அங்குல அச்சை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினால் 3600 புள்ளி அகலம் கிடைக்கும். 1920 புள்ளி அகலத் திரையில் ஏறத்தாழப் பாதிவரை நெருங்கிச் செல்லலாம். அதற்கு மேல் முகம் தெரியாது, தாளின் துகள்தான் தெரியும். குழுப்படத்தில் நகக்கண் அளவு இருக்கும் முகத்தை ஊதிப் பெரிதாக்க வேண்டாம். நெகட்டிவ் இருந்தால் அதை வருடுங்கள். முதல் புகைப்படம் 15 நிமிடத்துக்கு முன் வரத் தேவையில்லை. அதுவரை கையையும் குரலையும் மட்டுமே அறிந்த பார்வையாளர் அந்த இளம் முகத்தை வேறு கவனத்தோடு பார்ப்பார். ஒலிநாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டாமல் முதலில் நல்ல கருவியில் ஒருமுறை முழுமையாகப் படியெடுத்துவிட்டு அந்தப் படியில் வேலை செய்யுங்கள். அந்த இளங்குரலை மின்சாரம் போன இரவுக்குப் பிறகு வையுங்கள். நாற்பது நிமிடம் முதிய குரலைக் கேட்டுப் பழகிய காதுக்குக் காலம் என்ன செய்திருக்கிறது என்பதை வேறெந்த உத்தியும் இவ்வளவு நேராகச் சொல்லாது.

தொகுக்கத் தொடங்குமுன் 50 நிமிடத்துக்கும் ஒலியை மட்டும் கோத்து, கருந்திரையோடு, அறிவியல் அறியாத நண்பர் ஒருவரைக் கேட்கச் செய்யுங்கள். எங்கே அவருக்குக் கவனம் கலைகிறது, எங்கே எது என்று தெரியாமல் விழிக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, வெட்ட வேண்டிய இடம். இரண்டாவது, படம் தேவைப்படும் இடம். அந்த இடங்களுக்கு மட்டும் படம் தேடுங்கள். உங்களிடமுள்ள ஏழில் மூன்று புகைப்படங்கள் பயன்படாமலே போனாலும் நான் வியப்படையமாட்டேன்.