ரெக்கார்டு நோட்டில் எது எங்கே? வேதியியல் கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தைப் பல ஆண்டுகள் கவனித்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.

டீச்சர், பெரஸ் சல்பேட் டைட்ரேஷனை முழுவதும் கோடு போட்ட பக்கத்திலேயே எழுதிவிட்டேன். தவறா? (மாணவன், ராயபுரம்)

அதை அப்படியே விட்டுவிடு, தம்பி. அடுத்த சோதனையிலிருந்து மாற்றிக்கொள். கோடில்லாத இடப்பக்கம் பென்சிலுக்கு: அட்டவணையும் கணக்கும் அங்கே வரும். கோடுள்ள வலப்பக்கம் பேனாவுக்கு: நோக்கம், தத்துவம், செய்முறை, முடிவு. திறந்தவுடன் செய்முறையும் அதன் எண்களும் எதிரெதிரே தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. செய்முறை அடுத்த தாளுக்குப் போனால் அட்டவணையை முன்பக்கத்திலேயே முடித்துவிடாதே. அது செய்முறையோடு சேர்ந்தே நகரட்டும்.

நோக்கத்தில் 'பெரஸ் சல்பேட்டை மதிப்பிடுதல்' என்று மட்டும் எழுதினேன். வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். (மாணவி, பெரம்பூர்)

எதை, எவ்வளவு கரைசலில், எதன் துணையோடு என்ற மூன்றும் அதில் இல்லை. இப்படி எழுது: "ஏறத்தாழ 0.1 நார்மல் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இணைப்புக் கரைசலாகவும், 0.1 நார்மல் பெரஸ் அம்மோனியம் சல்பேட்டைத் திட்டக் கரைசலாகவும் கொண்டு, 500 மி.லி. கரைசலில் உள்ள படிகப் பெரஸ் சல்பேட்டின் எடையைக் கண்டறிதல்."

இப்போது முடிவு தானாக அமைந்துவிடும். பிப்பெட்டில் எடுத்த 20 மி.லி. திட்டக் கரைசலுக்கு 19.6 மி.லி. பெர்மாங்கனேட் செலவானால் அதன் திறன் 20 × 0.1 ÷ 19.6, அதாவது 0.1020 நார்மல். 20 மி.லி. பெரஸ் சல்பேட்டுக்கு 21.0 மி.லி. செலவானால் அதன் திறன் 0.1071 நார்மல். இதைச் சமான எடையான 278 ஆல் பெருக்கினால் லிட்டருக்குரிய எடை வரும். அதில் பாதி 14.89 கிராம். நோக்கத்தில் 500 மி.லி. என்று எழுதாதவர்கள்தான் இந்தப் பாதியை மறந்து 29.77 கிராம் என்று முடிக்கிறார்கள். முடிவு நோக்கத்தின் சொற்களிலேயே இருக்கட்டும்.

பியூரெட்டில் கரைசலின் கீழ் வளைவைத்தான் பார்க்கவேண்டும் என்று படித்திருக்கிறேன். செய்முறையில் அதையே எழுதினால் போதுமா? (மாணவன், கொருக்குப்பேட்டை)

நிறமற்ற கரைசலுக்குச் சரி. பெர்மாங்கனேட்டின் அடர் ஊதாவில் கீழ் வளைவு தெரியாது. மேல் விளிம்பையே படிக்கவேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே விளிம்பைப் பார்த்தால் வித்தியாசம் மாறாது. செய்முறையிலும் அப்படியே எழுது.

அட்டவணையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மி.லி. என்பதைத் தலைப்பில் ஒருமுறை எழுதினால் போதும். பியூரெட் 0.1 வரை காட்டுவதால் "0" என்று நிறுத்தாமல் "0.0" என்று எழுதவேண்டும். முதல் தடவை 19.9 வந்து, பிறகு இருமுறை 19.6 வந்தால் 19.9 ஐ அழித்துவிடாதே. மூன்றையும் எழுதி, ஒத்த அளவாக 19.6 ஐக் காட்டு. வகுப்பு முழுவதும் எல்லா வரிசையிலும் ஒரே எண் இருந்தால் யாரோ ஒருவருடைய நோட்டைப் பார்த்து எழுதியது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

என் மகள் எட்டாம் வகுப்பு. அட்டையில் அணுப் படம் வரைந்து மினுமினுப்புத் தூள் ஒட்டியிருக்கிறாள். மதிப்பெண் கிடைக்குமா, டீச்சர்? (தாய், வியாசர்பாடி)

அம்மா, இங்கே நாங்கள் பேசுவது பிளஸ் டூ ரெக்கார்டைப் பற்றி. உங்கள் மகளுடையது புராஜெக்ட் என்றால் படம் இருக்கட்டும், தூள் மட்டும் வேண்டாம். அது உதிர்ந்து உள்தாள்களில் ஒட்டும். ரெக்கார்டுக்குப் பழுப்பு அட்டையும், பெயர், வகுப்பு, பாடம், பள்ளி, கல்வியாண்டு எழுதிய லேபிளும் போதும். பதிவெண் வரும்வரை அந்த இடம் காலியாக இருக்கட்டும். ஆண்டர்சன் தெருவில் அட்டை வாங்குபவர்கள் கனமான தாளாகக் கேளுங்கள்.

பொருளடக்கத்தில் எந்தத் தேதி? சோதனை செய்த நாளா, எழுதிய நாளா? (மாணவி, திருவொற்றியூர்)

செய்த நாள். சோதனைப் பக்கத்தின் மேலேயும் அதே தேதி இருக்கவேண்டும்.

நானும் ஆசிரியர்தான். எங்கள் பள்ளியில் கையெழுத்துக்கு வைக்கும் நாளைத்தான் எழுதச் சொல்கிறோம். (ஆசிரியர், எண்ணூர்)

அந்தத் தேதியை ஆசிரியர் தம் கையொப்பத்தின் கீழ் எழுதுவதுதான் பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் பள்ளி வழக்கம் வேறு என்றால் உங்கள் மாணவர்கள் அதையே பின்பற்றட்டும். ஆனால் பொருளடக்கத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே நிரப்பவேண்டாம். சோதனைகளின் வரிசை மாறினால் பக்க எண்கள் எல்லாம் அடித்தலாகிவிடும்.

மழையில் பை நனைந்து ஜெல் பேனா எழுத்து கரைந்துவிட்டது. மறுபடி எழுதவா? (மாணவன், ராயபுரம்)

எண்களும் முடிவும் படிக்க முடிகிறதா என்று பார். முடிந்தால் விட்டுவிடு. முடியாவிட்டால் அப்சர்வேஷன் நோட்டைப் பார்த்து அந்தச் சோதனையை மட்டும் புதிதாக எழுதி, ஆசிரியரிடம் மறுபடி கையெழுத்து வாங்கு. இனி பால்பாயின்ட் பேனாவில் எழுது.