அண்ணனின் சீட்டைத் தங்கைதான் பார்க்க வேண்டும்

"மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஏழு. கரம் என்றாலும் பாம்பும் ஏணியும் என்றாலும் அரை மணித்தியாலத்தில் அடிபிடியில்தான் முடிகிறது. தோற்றவள் பலகையைக் கவிழ்க்கிறாள், வென்றவன் பழித்துக்காட்டுகிறான். இருவரும் ஒரே பக்கம் நின்று வெல்லும் விளையாட்டுகள் உண்டாமே? ஆவணியில் கனடாவிலிருந்து என் அண்ணா வருகிறார். எதை வாங்கி வரச் சொல்லட்டும்?"
– ஒரு தாய், மானிப்பாய்

அண்ணாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு தடித்த மட்டையும் மூன்று நிற எழுதுகோலும் வீட்டில் இருந்தால் இந்தச் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம்.

நீங்கள் கேள்விப்பட்ட விளையாட்டுகள் உண்மையில் இருக்கின்றன. அவற்றில் எதிராளி விளையாட்டேதான். எல்லோரும் சேர்ந்து வெல்வார்கள், அல்லது எல்லோரும் சேர்ந்து தோற்பார்கள். ஆனால் பெட்டியில் 'கூட்டாக விளையாடுவது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள். 'ஃபர்பிடன் ஐலண்ட்' என்று ஒன்று உண்டு. 24 ஓடுகளால் ஆன தீவு கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் மூழ்கும். அதற்குள் நான்கு புதையல்களை எடுத்துக்கொண்டு ஹெலிகொப்டரில் தப்ப வேண்டும். அருமையான விளையாட்டு. ஆனால் எல்லோருடைய சீட்டுகளும் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதுக்காரன் இரண்டு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவான். பிறகு "நீ அங்கே போ, அதை எடு, இதை எனக்குத் தா" என்று சட்டம்பியாராகிவிடுவான். தங்கை அவன் சொன்ன இடத்தில் காயை வைக்கும் கையாக இருப்பாள். தீவிலிருந்து இருவரும் தப்புவார்கள், அவள் அழுதுகொண்டே எழுந்து போவாள். இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மறு கோடியில், மூன்று வயதுக் குழந்தைகளுக்கென்று செய்தவை இருக்கின்றன. பழத்தோட்டத்துக்குக் காகம் வந்து சேருமுன் பழங்களைப் பறித்து முடிக்கும் ஜெர்மன் விளையாட்டு அதில் பெயர் பெற்றது, 1986இல் வந்தது. அங்கே தாயக்கட்டைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உங்கள் மகன் இரண்டாம் ஆட்டத்திலேயே கொட்டாவி விடுவான்.

நம் வீடுகளில் பெரியவர்கள் ஆடும் முந்நூற்றிநாலைச் சிலர் சொல்வார்கள், அதிலும் சோடி சேர்ந்துதானே ஆடுகிறோம் என்று. சோடிக்கு எதிரே இன்னொரு சோடி உட்கார்ந்திருக்கிறது. தோற்றால் "நீ ஏன் துரும்பை அப்போதே இறக்கவில்லை" என்று சொந்தச் சோடியையே பிடித்துத் தின்னும் விளையாட்டு அது. பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஆகவே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: சின்னவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று, பெரியவனுக்குக் கட்டாயம் தேவைப்படும் ஒன்று, அந்த விளையாட்டில் இருக்கிறதா? இருந்தால் சட்டம்பித்தனம் தானாக விழுந்துவிடும். இதை எனக்குத் தெரிந்தவரை மிகச் சுத்தமாகச் செய்திருப்பது 'ஹனாபி'. பிரான்ஸைச் சேர்ந்த அந்துவான் போசா உருவாக்கியது, 2013இல் ஜெர்மனியின் ஆண்டுச் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்றது. ஹனாபி என்றால் யப்பானிய மொழியில் வாணவேடிக்கை. அதில் உங்கள் சீட்டை நீங்கள் பார்க்க முடியாது. முகத்தை வெளிப்பக்கம் காட்டிப் பிடிப்பீர்கள். அண்ணன் கையில் என்ன இருக்கிறது என்பது தங்கைக்குத்தான் தெரியும்.

முழு விளையாட்டில் ஐந்து நிறங்கள். இந்த வயதுக்கு மூன்றில் தொடங்குங்கள்: சிவப்பு, மஞ்சள், நீலம். ஒவ்வொரு நிறத்திலும் பத்துச் சீட்டு: ஒன்று மூன்று தடவை, இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை இரண்டிரண்டு தடவை, ஐந்து ஒரே ஒரு தடவை. மொத்தம் முப்பது. எட்டுப் புளியங்கொட்டை, மூன்று சோகி எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்து சீட்டு, மீதி நடுவில் கவிழ்த்து வையுங்கள். ஏழு வயதுக் கையில் ஐந்து சீட்டு நிற்காது, விழுந்து முகம் தெரிந்துவிடும். மட்டையை விசிறிபோல் மடித்து, மடிப்புக்குள் சீட்டைச் செருகிவிடுங்கள். அவரவர் தாங்கியின் இடப்பக்க முனையில் ஒரு கறுப்புப் பொட்டு வையுங்கள். அது ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஒவ்வொரு நிறத்தையும் ஒன்றிலிருந்து ஐந்துவரை வரிசையாக மேசையில் அடுக்க வேண்டும். தன் முறை வரும்போது மூன்றில் ஒன்றைச் செய்யலாம். ஒரு புளியங்கொட்டையைக் கொடுத்து மற்றவருக்குத் துப்புச் சொல்லலாம். அல்லது தன் சீட்டு ஒன்றைக் கழித்து ஒரு கொட்டையைத் திரும்பப் பெறலாம். அல்லது ஒரு சீட்டை மேசையில் இறக்கலாம். இறக்கினாலும் கழித்தாலும் நடுவிலிருந்து புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். வரிசைக்குப் பொருந்தாததை இறக்கினால் அந்தச் சீட்டும் போய் ஒரு சோகியும் போகும். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. துப்பு ஒரு நிறமாகவோ ஓர் எண்ணாகவோ மட்டும் இருக்கலாம், அந்த நிறத்து அல்லது எண்ணுச் சீட்டுகள் எல்லாவற்றையும் தொட்டுக் காட்ட வேண்டும். இரண்டு சிவப்பு இருக்கும்போது ஒன்றை மட்டும் தொடுவதுதான் பிள்ளைகள் முதலில் விடும் பிழை.

பங்குனியில் இதே வயதில் ஓர் அண்ணனும் தங்கையும் என்னிடம் வந்து ஆடினார்கள். தங்கையின் தாங்கியில் சிவப்பு 1, நீலம் 3, மஞ்சள் 1, சிவப்பு 4, மஞ்சள் 3 இருந்தன. அண்ணன் முதல் முறையிலேயே "இதுவும் இதுவும் ஒன்று" என்று தொட்டான். நல்ல துப்பு. மேசையில் ஒன்றுமில்லாதபோது எந்த நிறத்து ஒன்றும் செல்லும். அவள் துள்ளிக்கொண்டு சிவப்பு 1ஐ இறக்கினாள். திரும்ப அவன் முறை. அவனுக்குத் தன் கையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. "எனக்கு ஏதாவது சொல்லு" என்று கெஞ்சினான். அவள் முறை முடிந்துவிட்டதே! பொறுமையில்லாமல் பொட்டுப் பக்கச் சீட்டைக் கழித்தான். நீலம் 5. முப்பதில் ஒரே ஒரு நீல ஐந்து. "ஐயோ அண்ணா!" என்று அவள் கத்தியதைக் கேட்டு என் அயல்வீட்டார் எட்டிப்பார்த்தார்கள்.

அன்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் சொல்லிக்கொடுத்தேன், இதை நன்றாக ஆடுபவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் கைக்கொள்கிறார்கள். புதுச் சீட்டு எப்போதும் வலப்பக்கம் செருகப்படும். கழிப்பதென்றால், துப்புப் பெறாத சீட்டுகளில் பொட்டுக்கு மிக அருகில் உள்ளதைத்தான் கழிக்க வேண்டும். அப்படியானால் ஏழு வயதுக்காரி ஐந்து சீட்டையும் காவல் காக்க வேண்டியதில்லை, அண்ணனின் பொட்டுப் பக்கச் சீட்டை மட்டும் பார்த்தால் போதும். அது ஐந்தா, அல்லது அதன் சோடி ஏற்கெனவே கழிந்துவிட்டதா என்று பார்த்து, ஆமென்றால் தன் சீட்டை இறக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு அவனுக்குத் துப்புச் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவளுக்கு இடமும் வலமும் மாறும் என்பதால்தான் அந்தப் பொட்டு. இரண்டாம் ஆட்டத்தில் அவள் கொட்டையை வைத்து "இது ஐந்து" என்றாள். அவன் அந்தச் சீட்டைத் தாங்கியில் கொஞ்சம் உயர்த்தி வைத்தான். அரை மணித்தியாலம் அவளை ஒரு வார்த்தை அதட்டவில்லை. அதட்டினால் யார் அவனுக்குத் துப்புச் சொல்வது?

விதியை ஆட்டத்தின் நடுவில் தளர்த்தாதீர்கள். பாவம் என்று நான்காவது சோகி கொடுத்தால் அடுத்த ஆட்டத்தில் ஐந்தாவதைக் கேட்பார்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் இங்கேதான் தவறுகிறார்கள். ஏழு வயதுக்காரி ஏற்கெனவே சொன்ன துப்பை மறந்துவிடுவாள். அது அவள் குற்றமன்று. "எனக்கு முன்பு என்ன சொன்னாய்?" என்று அவள் கேட்டால் அண்ணன் சொல்லலாம், கொட்டை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் கேட்க வேண்டும். கேட்காமல் அவனாக "உனக்கு நான் ஒன்று என்று சொன்னேனே" என்றால் அது ஞாபகமூட்டலன்று, "அதை இப்போது இறக்கு" என்ற கட்டளை. சொல்லும்போதும் முன்பு சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். "இதுவும் இதுவும் ஒன்று" என்று சொல்லியிருந்தால் அதே வாக்கியம். "அதில் ஒன்று மஞ்சள்" என்று சேர்த்தால் அது புதுத் துப்பு, கொட்டை வைக்கட்டும். சுற்றி நிற்கும் அம்மம்மாவுக்கும் இது பொருந்தும். அம்மம்மாவின் புருவம் ஒரு சீட்டைப் பார்த்து உயர்ந்தாலே துப்புப் போய்விட்டது. என் அனுபவத்தில் கள்ளத் துப்பில் பாதி பார்வையாளரிடமிருந்துதான் வருகிறது.

இனி வாங்குவது பற்றி. சில வருடங்களுக்கு முன் நானும் இணையத்தில் ஓர் உள்ளூர் வியாபாரியிடம் ஹனாபி வாங்கினேன், அசல் என்றுதான் சொன்னார். வந்தது நகல். சிவப்பும் செம்மஞ்சளும் ஒன்றுபோல் இருந்தன, தாள் மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் எண் பின்பக்கம் தெரிந்தது. தன் சீட்டைத் தானே பார்க்கக்கூடாத விளையாட்டில் அது தெரிந்தால் பிறகு என்ன இருக்கிறது? திருப்பிக் கேட்டபோது "சிறுபிள்ளை விளையாட்டுத்தானே" என்றார். நீங்கள் செய்யும் சீட்டிலும் இதே வினை வரும், ஆகவே இரண்டு மட்டைகளை ஒட்டிப் பிறகு வெட்டுங்கள். 'மூளை வளர்ச்சி' என்று ஒட்டி மும்மடங்கு விலை சொல்லும் பெட்டிகளைத் தொடவே வேண்டாம். சீட்டு நிறைய ஆங்கில வாக்கியம் உள்ளவையும் வேண்டாம், வாசிக்கத் தெரிந்தவன் மறுபடியும் சட்டம்பியாராவான்.

உங்கள் மகன் தரம் 4இல் இருப்பான் என்று நினைக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே வகுப்பு வகுப்பாக ஓடிக்கொண்டிருப்பான். வாரம் முழுக்க யார் முதலாம் பிள்ளை என்று கேட்டுக் கேட்டு வளர்க்கிறோம், பரிசளிப்பு விழாவில் மேடையேற்றிக் காட்டுகிறோம், ஞாயிறும் ரியூஷன் வைக்கிறோம், பிறகு கரம் பலகையில் விட்டுக்கொடுக்கவில்லை என்று பிள்ளையை அதட்டுகிறோம். இரண்டு மணித்தியால வகுப்பில் ஒன்றைக் குறையுங்கள் என்றால் யார் கேட்கிறார்கள்?

மூன்று நிறமும் நிறைந்தால் 15 புள்ளி. முதல் வாரம் ஏழோ எட்டோ வரும், அது சரியான இடம். நடுச்சீட்டு முடிந்தபின் ஆளுக்கு ஒரு முறை மட்டும் மிஞ்சும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே சண்டை வரும். அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்தில் 13 தாண்டினால் நான்காவது நிறத்தில் இன்னும் பத்துச் சீட்டு செய்யுங்கள். பச்சையை எடுங்கள். ஊதா வேண்டாம், இரவு விளக்கில் நீலத்தோடு குழம்பும். ஆவணிக்குள் நான்கு நிறமும் பழகிவிட்டால், அப்போது அண்ணாவிடம் அசல் பெட்டியை வாங்கி வரச் சொல்லுங்கள். சின்னப் பெட்டிதான், கைப்பைக்குள் அடங்கும்.