கஸ்தூரி, புனுகு, அம்பர்: பை வேண்டாம், தராசு போதும்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஊதுபத்தி, ஜவ்வாது, அத்தர் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். நேபாளத்துக் கஸ்தூரிப் பை என்று ஒருவர் கொண்டுவந்து காட்டினார். முப்பதாயிரம் கேட்கிறார். திமிங்கில அம்பரும் கிடைக்குமாம். ஏற்காடு எஸ்டேட்டில் புனுகுப் பூனை பிடித்துத் தரவும் ஆள் இருக்கிறதாம். ஒரிஜினல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லையென்றால் அந்த வாசனையை நானே கலக்க முடியுமா?

பதில்: உங்கள் முதல் கேள்வியே அந்த ஆளுக்குச் சாதகமானது. பை போலி என்றால் முப்பதாயிரம் போச்சு. அசல் என்றால் அதோடு நிற்காது. கஸ்தூரி மான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் பையை வாங்கி விற்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஆகவே ‘ஒரிஜினல்’ என்று நிரூபித்துக்கொள்வதால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை.

அந்தப் பை எதிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் மிச்சம் தானே புரியும். இமயமலைப் பக்கம் இருக்கும் கஸ்தூரி மானில் ஆணுக்கு மட்டும் தொப்புளுக்கும் குறிக்கும் நடுவே ஒரு சுரப்பி உண்டு. அதை எடுக்க மானைக் கொன்றார்கள். ஒரு பையில் இருபது, இருபத்தைந்து கிராம் பொடி கிடைத்தால் பெரிது. இவ்வளவு குறைவாகக் கிடைப்பதில் கலப்படம் வராமல் எப்படி இருக்கும்? காய்ந்த ரத்தம், ஈரல் தூள், மண் என்று எடை கூட்டி, செயற்கை மஸ்க்கைத் தெளித்து, ரோமத்தோடு இருக்கும் வேறு தோலில் வைத்துத் தைத்துவிடுவார்கள். பெருங்காயம் தோய்த்த நூலை ஊசியில் கோத்துப் பைக்குள் இழுத்தால் நாற்றம் போக வேண்டும் என்பது பழைய சோதனை. உங்கள் ஆள் அதைச் செய்து காட்டியிருப்பார். செயற்கை மஸ்க் ஊறிய பையும் அந்தப் பரீட்சையில் தேறிவிடும். அந்த வித்தையை நம்பி யாரும் பணம் எடுக்காதீர்கள்.

அம்பர் கதையில் இன்னும் ஒரு நழுவல் உண்டு. ஸ்பெர்ம் திமிங்கிலம் கணவாய் மீன்களைத் தின்னும். அவற்றின் செரிக்காத கூர் அலகுகளைச் சுற்றி அதன் குடலில் திரள்வதுதான் அம்பர். எல்லாத் திமிங்கிலத்திலும் இது உண்டாவதில்லை. புதிதாக வெளிவந்தால் கறுப்பாக, சாண நாற்றத்தோடு இருக்கும். கடலிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து வெளுத்த பிறகே மணம் வரும். “ஒதுங்கியதுதானே, திமிங்கிலத்தை யாரும் கொல்லவில்லையே” என்பார்கள். சில நாடுகளில் அதைக் கழிவாக எண்ணி விற்க விடுகிறார்கள் என்பது உண்மை. அந்த நாட்டுத் தாளைத்தான் செல்போனில் காட்டுவார்கள். இந்தியாவில் அது செல்லாது. ஒதுங்கியதை எடுத்து வைத்திருந்தாலும் வழக்குத்தான். சூடான ஊசி குத்தினால் உருகிக் கறுப்பெண்ணெயாக வடியும் என்ற சோதனையும் கையில் வேண்டாம். மெழுகும் பிசினும் உருகத்தான் செய்யும்.

ஏற்காடு ஆள் சொன்னது சுத்த அபத்தம். அங்கே காப்பித் தோட்டத்தில் ராத்திரி பழம் தின்ன வருவது பெரும்பாலும் மரநாய். புனுகு எடுப்பது வேறொரு பூனை, சிறு புனுகுப் பூனை. அதன் மலத்துவாரத்தை ஒட்டிய சுரப்பியில் ஊறும் மஞ்சள் பசைதான் புனுகு. கூண்டில் அடைத்து அதைத் தடியால் சுரண்டி எடுத்தார்கள். இரண்டுமே சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. மரநாயைப் பிடித்து ‘புனுகு’ என்று விற்பவன் உங்களையும் சேர்த்துக் கூண்டில் போடுவான். கோயில் புனுகு, சித்த மருந்துக் கஸ்தூரி பற்றிக் கேட்காதீர்கள். உங்கள் கடைக்கு அவை பொருந்தாது.

இனி கலவைக்கு வருவோம். 1926-இல் லியோபோல்டு ருசிச்கா என்ற வேதியியலார் கஸ்தூரியின் மணப்பொருளான மஸ்கோனிலும் புனுகின் மணப்பொருளான சிவெட்டோனிலும் பெரிய வளையம் இருப்பதைக் காட்டினார். மஸ்கோனின் வளையத்தில் 15 கார்பன், சிவெட்டோனின் வளையத்தில் 17. அதுவரை இவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்றே நினைத்திருந்தார்கள். அதற்கு முன்பே, 1888-இல், ஆல்பர்ட் பௌர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இருந்தபோது தற்செயலாக மஸ்க் மணக்கும் ஒரு பொருளைக் கண்டார். அந்த வழியில் வந்தவைதான் நைட்ரோ மஸ்க்குகள். இன்று கடைச் சரக்கில் மிகுதியாக இருப்பது கேலக்ஸோலைடு என்ற வேறு வகைச் செயற்கை மஸ்க். அம்பருக்குப் பதில் ஆம்ப்ராக்சன், கிளாரி சேஜ் செடியின் பொருளிலிருந்து செய்வது. உண்மையான அம்பரில் ஆம்ப்ரின் என்ற மணமில்லாத பொருள் காற்றில் சிதைந்து தருவதும் இதே மணம்தான்.

நூறு கிராம் அத்தருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். எடையில் செய்யுங்கள், சொட்டில் வேண்டாம். உங்கள் தெருவிலேயே கொலுசு எடை போடும் மின்தராசு உண்டு, 0.01 கிராம் காட்டுவது போதும். ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் என்ற திரவத்தை, வியாபாரிகள் ‘ஐ.பி.எம்.’ என்பார்கள், தாங்கியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆம்ப்ராக்சன் படிகம் 1 கிராமை ஐ.பி.எம். 9 கிராமில் போட்டு, 45 டிகிரி வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வைத்துக் கரையுங்கள். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது. இது பத்து சதக் கரைசல். சிவெட்டோனையும் அப்படியே பத்து சதமாக்குங்கள். விலங்கு வாடை தரும் இண்டோலை ஒரு சதமாக்கினால் போதும், 1 கிராமுக்கு 99 கிராம் ஐ.பி.எம்.

பிறகு: கேலக்ஸோலைடு (ஐ.பி.எம். கலந்த 50 சத சரக்கு) 20 கிராம், எத்திலீன் பிராஸிலேட் என்ற இன்னொரு மஸ்க் 8 கிராம், சந்தன மணம் தரும் சாண்டலோர் 6 கிராம், ஆம்ப்ராக்சன் கரைசல் 6 கிராம், இண்டோல் கரைசல் 5 கிராம், சிவெட்டோன் கரைசல் 1 கிராம். இதுவரை 46. மிச்சம் 54 கிராம் ஐ.பி.எம். ஊற்றி மூடிக் குலுக்கி, இருட்டில் இரண்டு வாரம் வையுங்கள்.

எல்லாம் சரியாகப் போனால் தாள் துண்டில் முதலில் சந்தனம் தெரியும், இரண்டு மணி நேரம் கழித்து ரோமத்தில் இருப்பதுபோல ஒரு மெல்லிய இதம் வரும், மறுநாள் காலையிலும் தாளில் இருக்கும். தவறினால் எங்கே என்று மணமே சொல்லும். மாட்டுக் கொட்டகை வாடை அடித்தால் இண்டோல் கூடிவிட்டது. அதைப் பாதியாக்குங்கள். நாள்பட அது நிறத்தைச் சிவக்க வைக்கும், பழுதல்ல. கலவை கலங்கி வெண்மையானால் யாராவது டைபுரோப்பைலீன் கிளைக்கால் கலந்த சரக்கைத் தந்திருக்கிறார்கள். அது ஐ.பி.எம்.முடன் சேராது. மார்கழியில் ஆம்ப்ராக்சன் கரைசலின் அடியில் படிகம் நின்றால் குளிர்தான் காரணம், வெந்நீரில் வைத்தால் கரைந்துவிடும்.

ஒரு பெரிய குழி இருக்கிறது. சிலருக்குச் சில மஸ்க் மணக்கவே மணக்காது. மூக்கில் கோளாறு இல்லை, அந்த ஒரு பொருளை மட்டும் அறியாத மூக்கு. உங்களுக்கே கேலக்ஸோலைடு மணக்காமல் போகலாம். ‘வாசனையே இல்லை’ என்று அதை இன்னும் இருபது கிராம் ஊற்றிக் கெடுப்பார்கள். அதனால்தான் மேலே இரண்டு மஸ்க் கலந்திருக்கிறேன். விற்கும் முன் ஐந்து பேருக்குக் காட்டுங்கள்.

இப்போது பெயர்க் குழப்பம். நம் வியாபாரிகள் இதில்தான் ஆட்களை ஏமாற்றுகிறார்கள். காட்டுக்கஸ்தூரி, அதாவது கஸ்தூரி வெண்டை என்று ஒரு செடி உண்டு. அதன் விதையில் விலங்கே தேவைப்படாத இயற்கை மஸ்க் மணம் இருக்கிறது. மணம் விதையின் தோலில் இருக்கும். உள் பருப்பில் வெறும் கொழுப்பு எண்ணெய். இடித்தால் அந்த எண்ணெய் வந்து மணத்தை மறைத்து, நாள்பட்டுக் காறும். முழு விதையைத்தான் ஊறவைக்க வேண்டும். ஊறவைக்க எரிசாராயம் வேண்டும், அதற்கு உரிமம், அந்த உரிமத்துக்கு எத்தனை மேசை என்று சொல்லிப் பயனில்லை. முப்பதாயிரத்துக்குக் கஸ்தூரிப் பை விற்பவனை எந்த மேசையும் தேடிப் போவதில்லை. ஆகவே எண்ணெயாகவே வாங்குங்கள். விதையின் மணப்பொருளை ‘அம்பிரெட்டோலைடு’ என்பார்கள். இதுவும் நல்லது, ஆனால் விலை அதிகம், ஒரு கிராம் சேர்த்தால் போதும்.

இதே ஒலியில் ‘மஸ்க் அம்பிரெட்’ என்று ஒன்று வரும். அது செடியே அல்ல, பழைய நைட்ரோ மஸ்க். தோலில் பூசி வெயிலில் போனால் ஒவ்வாமை வரும், நரம்பையும் பாதிக்கும். வாசனைத் தொழிலில் அதை விலக்கிவிட்டார்கள். ஆனால் பழைய கலவைக் குறிப்புகளில் அது இருக்கும், மலிவான ‘மஸ்க்’ பாட்டிலில் ஒளிந்தும் வரும். கஸ்தூரி மஞ்சள் வேறு, ஒரு சம்பந்தமும் இல்லை. ‘அம்பர்’ என்று கடையில் கேட்டால் பல இடங்களில் லாப்டானம் பிசினும் வனிலாவும் கலந்த கலவையைத் தருவார்கள். அதுவும் திமிங்கிலத்தோடு சம்பந்தப்பட்டதல்ல.

எனவே பெயரைக் கேட்காதீர்கள், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள சி.ஏ.எஸ். எண்ணைக் கேளுங்கள். கேலக்ஸோலைடு 1222-05-5, எத்திலீன் பிராஸிலேட் 105-95-3, ஆம்ப்ராக்சன் 6790-58-5. பாட்டிலிலோ பில்லிலோ 83-66-9 என்று இருந்தால் அதுதான் மஸ்க் அம்பிரெட், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண் எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். உங்கள் லேபிளில் ‘கஸ்தூரி மணம், செயற்கை’ என்று எழுதுங்கள். ‘ஒரிஜினல் கஸ்தூரி’ என்று அச்சடித்தால் வனத்துறைக்கு நீங்களே தந்த வாக்குமூலம் அது.