‘இந்த மலையில்’ ஐந்து முறை

அன்புள்ள ஐயா,
தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த என் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். எல்லா வரியையும் ‘இந்த மலையில்’ என்று தொடங்கினேன். நண்பர்களிடம் வாசித்தபோது மூன்றாவது வரியிலேயே அவர்கள் கவனம் போய்விட்டது. திரும்பத் திரும்பச் சொன்னால் வேகம் கூடும் என்றுதானே நினைத்தேன்?

இந்த மலையில் பனி பெய்கிறது
இந்த மலையில் தேயிலை துளிர்க்கிறது
இந்த மலையில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள்
இந்த மலையில் காட்டெருமை வருகிறது
இந்த மலையில் என் அம்மா இருந்தாள்

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

வரிகளின் முடிவைப் பாருங்கள். பெய்கிறது, துளிர்க்கிறது, பறிக்கிறார்கள், வருகிறது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் போய் நிற்கும். தொடக்கத்தை நீங்கள் பூட்டினீர்கள், முடிவை இலக்கணம் பூட்டிவிட்டது. நடுவில் ஒன்றிரண்டு சொல் மட்டும்தான் மாறுகிறது. எதுகை காதுக்கு அலுக்காததற்குக் காரணம், அங்கே ஓசைதான் ஒன்றுகிறது, சொல் வேறாக இருக்கிறது. நீங்கள் சொல்லையே திருப்பிச் சொல்வதால், மற்ற எல்லாம் அசைந்தாக வேண்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டாம் வரியையும் நான்காம் வரியையும் இடம் மாற்றி வாசியுங்கள். ஒன்றும் கெடவில்லை, இல்லையா? அப்படியென்றால் அது இன்னும் பட்டியல்தான். ஒவ்வொரு வரியும் முந்தைய வரி இல்லாமல் வர முடியாது என்ற நிலை வந்தால்தான் அழுத்தம் ஏறும்.

உங்கள் பொருளை வைத்தே நான் எழுதிப் பார்த்தேன்:

இந்த மலையில் உறைபனி.
இந்த மலையில், கருகிய செடியை
விரலால் தொட்டபடி நிற்கிறாள் அம்மா.
இந்த மலையில் அவள் பறித்த கொழுந்துக்கு எடை உண்டு, கணக்கு உண்டு,
கூடை இறங்கிய பிறகும் நெற்றியில் அதன் தடம் உண்டு.
செடி மறுபடி துளிர்த்துவிட்டது.
அம்மா இருந்ததும் இந்த மலையில்தான்.

முதல் வரியில் வினையே இல்லை. இரண்டாவது வாக்கியத்தில் வினை முன்னே வந்து, அம்மா கடைசியில் நிற்கிறாள். மூன்றாவது நீண்டு, ‘உண்டு’ என்ற வேறொரு அடுக்கை உள்ளே எடுத்துக்கொள்கிறது. மூன்று முறை கேட்டதும் காது நான்காவதுக்குத் தயாராகிவிடும். அங்கே அந்தத் தொடரைத் தரவில்லை. செடி துளிர்க்கும் வரி வெறுமையாக நிற்பதால்தான் அம்மா இல்லாதது தெரிகிறது. காட்டெருமையை எடுத்துவிட்டேன், அதற்கு அம்மாவோடு தொடர்பில்லை.

அப்புறம், அந்தத் ‘தான்’. ‘மலையில்’ என்றால் இடம், ‘மலையிலும்’ என்றால் வேறு இடங்களும் உண்டு, ‘மலையில்தான்’ என்றால் வேறெங்கும் இல்லை. ஒரே தொடர், ஒட்டு மாறியதும் பொருள் மாறுகிறது. ஆனால் ‘தான்’ ஒரு முறைதான் தாங்கும். முதல் வரியிலேயே வைத்திருந்தால் கடைசி வரிக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உங்கள் ‘இருந்தாள்’ என்ற இறந்தகாலம் நல்ல சொல். நான் அதை ‘இருந்தது’ என்று குறுக்கிவிட்டேன். நீங்கள் திருத்தும்போது அதைத் திரும்பக் கொண்டுவர வழி பாருங்கள்.