டேக்கில் உள்ள எடை, சேதாரம், செய்கூலியை வைத்து விலை போடுவது

"டேக் போட்டோவில் மொத்த எடை 8.640, கல் 0.640, நிகர எடை 8.000, சேதாரம் 12%, எம்.சி. 400 என்று இருக்கு. கல்லுக்குத் தனியா 1,000 ரூபாய் சொன்னாங்க. மொத்தம் எவ்வளவு வரும்?"

கணக்கு எளிதாக இருக்க, 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய விலையை நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கத்துக்கு நிகர எடையைத்தான் எடுக்க வேண்டும். 8 கிராமுக்கு 80,000. சேதாரம் 8 கிராமில் 12%, அதாவது 0.960 கிராம். அதற்கு 9,600. செய்கூலி 400, கல் 1,000 சேர்த்தால் 91,000. இதன் மேல் ஜி.எஸ்.டி. 3%, 2,730. ஆக 93,730 ரூபாய்.

இதில் சிக்கல் அந்த 400-தான். அது மொத்தமாகவா, கிராமுக்கா என்று போட்டோவில் தெரியாது. கிராமுக்கு என்றால் செய்கூலியே 3,200 ஆகிவிடும். வரியோடு சேர்த்து 96,614 வரும். கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், பில்லில் சேதாரத்தை எடையாகப் பாருங்கள். 0.960-க்குப் பதிலாக 1.037 என்று இருந்தால், கல்லோடு சேர்ந்த மொத்த எடைக்குச் சேதாரம் போட்டிருக்கிறார்கள். வரிக்கு முன்பே சுமார் 770 ரூபாய் கூடுதல். எனக்கு ஒருமுறை அப்படித்தான் போட்டார்கள். பில் அடிக்கும் முன்பே சுட்டிக்காட்டியதால் திருத்திக் கொடுத்தார்கள். பேரம் பேசுவதாக இருந்தால் சேதாரச் சதவீதத்தில் பேசுங்கள். இந்த நகையில் 1% குறைந்தாலே வரியோடு 824 ரூபாய் மிச்சம்.