சார்பதிவாளரின் நியமனம் ரத்தானால் அவர் பதிந்த பத்திரம் செல்லுமா?

“2019 ஜூனில் வடசென்னையில் 40 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கினேன். அந்தக் கிரயப் பத்திரத்தைப் பதிந்த சார்பதிவாளரின் பதவி உயர்வே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சென்ற ஆண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். வீட்டின் பேரில் கடன் கேட்டால், வங்கி வழக்கறிஞர் மறுபடி பதிந்து கொண்டு வரச் சொல்கிறார். விற்றவர் இறந்துவிட்டார். என் பத்திரம் செல்லுமா?” — வாசகர், தண்டையார்பேட்டை

செல்லும். நீங்கள் சொல்லும் தேதிகள் சரியாக இருந்தால் மறுபதிவும் தேவையில்லை, விற்றவரின் வாரிசுகளிடம் போய் நிற்கவும் தேவையில்லை. வங்கி வழக்கறிஞரின் கவலையில் ஒரு நியாயம் உண்டு என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு செய்த ஆவணத்தின் வழியாகவே நடக்க வேண்டும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு. பதிவு இல்லையென்றால் விற்பனையே இல்லை. ஆகவே, பதிந்தவர் சட்டப்படி சார்பதிவாளரே அல்ல என்றால் பதிவு எங்கே என்று அவர் கேட்கிறார். கேள்வி சரிதான். அதற்கான விடை பதிவுச் சட்டத்திலேயே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது என்பதுதான் அவர் பார்க்காமல் விட்டது.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு ஒரே வாக்கியம். பதிவு அலுவலர் ஒருவர் இந்தச் சட்டத்தின்படி நல்லெண்ணத்தோடு செய்த எதுவும், அவருடைய நியமனத்திலோ நடைமுறையிலோ குறை இருந்தது என்ற காரணத்தால் மட்டும் செல்லாததாகக் கருதப்படாது என்பதே அதன் பொருள். உங்கள் பத்திரத்தின் மேல் எழுந்துள்ள ஐயம் நியமனக் குறை ஒன்றுதான் என்பதால், அதற்கு இந்த ஒரு பிரிவே போதும்.

இந்தப் பிரிவு தனியாக முளைத்தது அன்று. நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் டி ஃபேக்டோ கோட்பாட்டைச் சட்டமியற்றியவர்கள் பதிவுத் துறைக்கென்று எழுதிவைத்த வடிவம் அது. பதவியில் சட்டப்படி அமர்ந்தவரை டி ஜூரே அலுவலர் என்றும், நியமனத்தில் குறை இருந்தாலும் உரிய ஆணையின் பேரில் அந்த நாற்காலியில் அமர்ந்து, ஊரறிய அந்த வேலையைச் செய்தவரை டி ஃபேக்டோ அலுவலர் என்றும் சொல்வார்கள். முன்னவரின் செயலுக்கு என்ன மதிப்போ அதே மதிப்புப் பின்னவரின் செயலுக்கும் உண்டு, அவருடைய நியமனம் பின்னால் ரத்தானாலும் அதற்கு முன் அவர் செய்தவை நிற்கும் என்பதே கோட்பாடு. காரணம் எளிது. பத்திரம் பதியப் போகிறவர், எதிரே இருப்பவரின் பதவி உயர்வுப் பட்டியல் எந்த விதிப்படி தயாரானது, அதில் பணிமூப்பு சரியாகக் கணக்கிடப்பட்டதா என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. அது அவர் வேலையும் அன்று. இந்தப் பாதுகாப்பு பொதுமக்களுக்காக ஏற்பட்டது. இதைக் காட்டி அந்த அலுவலர் தம் பதவியைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது.

இதை நம் உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்துச் சொன்ன வழக்கு, 1981-இல் தீர்ப்பான கோகராஜு ரங்கராஜு எதிர் ஆந்திரப் பிரதேச அரசு. அங்கே நியமனம் ரத்தானது அமர்வு நீதிபதிகளுக்கு. அவர்கள் கொடுத்த தீர்ப்புகளும் கூடவே விழுந்துவிட வேண்டும் என்று வாதிட்டார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வலிய வந்து நாற்காலியைப் பிடித்தவருக்கும், சட்ட அதிகாரத்தின் சாயலோடு பதவியில் இருந்தவருக்கும் வேறுபாடு உண்டு என்றும், பின்னவர் அளித்த தீர்ப்புகள் செல்லும் என்றும் கூறியது. உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய இன்னொன்றையும் அந்தத் தீர்ப்பு சொல்லியது. நியமனத்தைக் கேள்வி கேட்க விரும்புகிறவர், அந்த அலுவலரையே எதிர்த்தரப்பாகச் சேர்த்து நேரடியாகக் கேட்க வேண்டும். வேறு இருவருக்கிடையிலான வழக்கில் பக்கவாட்டில் அதை நுழைக்க முடியாது. நாளைக்கு யாராவது உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரி வழக்குப் போட்டு, ‘பதிந்தவரின் பதவி உயர்வு செல்லாது, ஆகவே கிரயமும் செல்லாது’ என்று அதில் எழுதினால், அந்த வாதம் வாசலிலேயே நின்றுவிடும்.

தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவிருக்கக்கூடிய எடுத்துக்காட்டு 2001-ஆம் ஆண்டினுடையது. ஜெயலலிதா முதலமைச்சராக நியமிக்கப்பட்டது செல்லாது என்று அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று பி.ஆர். கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. அப்படியானால் மே 14 முதல் அன்றுவரை அரசு செய்த அத்தனையும் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. நீதிமன்றம் டி ஃபேக்டோ கோட்பாட்டைக் கையிலெடுத்து, மற்றபடி சட்டப்படி சரியாக இருந்த செயல்கள் எவையும் இந்தத் தீர்ப்பின் காரணமாக மட்டும் பாதிக்கப்படா என்று அறிவித்தது.

‘மற்றபடி சரியாக இருந்த’ என்ற அந்த நிபந்தனையில்தான் கோட்பாட்டின் எல்லையும் இருக்கிறது. நியமனக் குறையை மட்டுமே அது மூடும். பத்திரத்தில் வேறு ஓட்டை இருந்தால், இதைக் கொண்டு அதை அடைக்க முடியாது. 87-ஆவது பிரிவில் ‘நடைமுறைக் குறை’ என்ற சொல்லும் இருப்பதால் எதையும் அதில் அடக்கிவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள், அது தவறு. 1900-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த முஜிபுன்னிஸா வழக்கில், பத்திரம் எழுதிக்கொடுத்தவர் இறந்த பிறகு, அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்றிருந்தவர் அதைப் பதிவுக்குக் கொண்டுவந்தார். கொடுத்தவர் இறந்ததுமே அந்த அதிகாரம் போய்விட்டதால், கொண்டுவந்தவருக்கு உரிமையில்லை, பதிந்தவருக்கும் பதியும் அதிகாரம் எழவில்லை, இது வெறும் நடைமுறைக் குறை அன்று என்று பதிவே செல்லாமற்போனது. 1914-இல் ஹரேந்திர லால் வழக்கில், கல்கத்தாவில் பதிய வேண்டும் என்பதற்காகவே, அடமானம் வைத்தவருக்கு அங்கே இல்லாத ஒரு சொத்தை அடமானப் பத்திரத்தில் சேர்த்திருந்தார்கள். அதுவும் விழுந்தது. ஆகவே உங்கள் வங்கி வழக்கறிஞர் இத்தகைய குறை எதையும் சுட்டினால் அது வேறு கதை; பதவி உயர்வை மட்டும் சொன்னால் அது 87-க்குள் அடங்கிவிடும்.

இனி தேதிகளைப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாம் நிற்பது அவற்றின் மேல்தான். பத்திரத்தின் பின்பக்கங்களில் சார்பதிவாளர் எழுதிய மேலெழுத்துகளைப் பாருங்கள். யார், எந்த நாளில் தாக்கல் செய்தார், எழுதிக்கொடுத்தவர் எந்த நாளில் ஒப்புக்கொண்டார், அடையாளம் காட்டிய சாட்சிகள் யார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். கடைசியில், 1-ஆம் புத்தகத்தில் எந்த எண்ணில் பதியப்பட்டது என்ற சான்று, கையொப்பம், முத்திரை, தேதியோடு இருக்கும். அந்தச் சான்றே பதிவு முறைப்படி நடந்தது என்பதற்குச் சாட்சியமாகும் என்கிறது 60-ஆவது பிரிவு. அடுத்து உயர் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, எந்த நாளில் பதவி உயர்வு ரத்தானது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதிவு 2019 ஜூன், ரத்து சென்ற ஆண்டு என்றால் இடையில் சில ஆண்டுகள் இருக்கின்றன. உங்கள் பத்திரம் பதிந்த நாளில் அவர் அரசாணையின் பேரில் அந்தப் பதவியில் இருந்தார், அந்தப் பதவியும் சட்டப்படி இருந்த ஒன்று. கோட்பாடு கேட்பது இவ்வளவுதான்.

தேதிகள் தலைகீழாக இருந்திருந்தால் நான் இவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க மாட்டேன். ரத்தாணை வந்து, அதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒருவர் நாற்காலியில் இருந்து கையொப்பமிட்டிருந்தால், 87-ஆவது பிரிவு கேட்கும் நல்லெண்ணம் அங்கே ஆட்டம் காணும். மேல்முறையீட்டில் ரத்தாணைக்கு இடைக்காலத் தடை கிடைத்திருந்தால், தடை இருந்த காலத்தில் அவர் பதவியில் நீடித்ததற்கு அடிப்படை உண்டு. எந்த ஆணையும் இல்லாமல், விடுப்பில் போன அலுவலரின் முத்திரையை எடுத்து ஊழியர் ஒருவர் பதிந்துகொடுத்தால், அவர் டி ஃபேக்டோ அலுவலரே அல்லர், வெறும் ஆள்மாறாட்டக்காரர். உங்கள் வழக்கு இந்த மூன்றிலும் சேராது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நம் சார்பதிவாளர் அலுவலகங்களில், நிரந்தர அலுவலர் விடுப்பில் இருக்கும்போதோ இடம் காலியாக இருக்கும்போதோ உதவியாளர் ஒருவர் ‘பொறுப்பு’ என்று கையொப்பமிடுவது வழக்கம். அதற்கு 12-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. மாவட்டப் பதிவாளர் நியமிக்கும் எவரும் அந்த இடைக்காலத்துக்குச் சார்பதிவாளரே ஆவார். உங்கள் பத்திரத்தில் கையொப்பத்தின் கீழ் ‘பொறுப்பு’ என்று இருந்தால், அன்று அவர் அதிகாரம் பதவி உயர்வு ஆணையிலிருந்து வரவில்லை, மாவட்டப் பதிவாளரின் ஆணையிலிருந்து வந்தது. அப்போது உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கும் உங்கள் பத்திரத்துக்கும் தொடர்பே இல்லாமற்போகும். அந்த ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கலாம்.

மறுபதிவு என்ற யோசனையை நான் ஏன் இவ்வளவு கடுமையாகத் தடுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பத்திரத்தையே மறுபடி தாக்கல் செய்ய முடியாது. எழுதிக் கையொப்பமிட்ட நாளிலிருந்து 4 மாதம் என்ற கெடு 23-ஆவது பிரிவில் இருக்கிறது, அது எப்போதோ கடந்துவிட்டது. எனவே புதிய கிரயம்தான் எழுத வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்ற கணக்கில், பழைய விலையான 40 லட்சத்துக்கே 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் ஆகும். இன்றைய வழிகாட்டி மதிப்புக் கூடியிருந்தால் இன்னும் ஏறும். பணத்தைவிடப் பெரிய சிக்கல் வேறு. விற்றவரின் வாரிசுகள் உங்களுக்குப் புதிதாக விற்கிறார்கள் என்றால், வீடு இதுவரை அவர்களுடையதாக இருந்தது என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கலாம், ஒருவர் பங்கு கேட்கலாம், இளவர் ஒருவர் இருந்தால் நீதிமன்ற அனுமதி வரை போகலாம். ஆவண எழுத்தர் யாராவது ‘பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடலாம்’ என்று சொன்னால் அதற்கும் இணங்க வேண்டாம். அது பத்திரத்தின் வாசகத்தில், சர்வே எண்ணில், அளவில் உள்ள பிழைக்கானது. பதிந்தவரின் நியமனத்தை அதில் திருத்த எதுவும் இல்லை.

வங்கிக்கு நீங்கள் கொடுக்க வேண்டியவை குறைவு. tnreginet.gov.in தளத்தில் 2019-க்கு முன்னிருந்து இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று எடுத்து, அதில் உங்கள் கிரயம் அதே ஆவண எண்ணோடு இருப்பதைக் காட்டுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகலை இணைத்து, பதவி உயர்வு ரத்தான நாளையும் பதிவு நாளையும் அருகருகே குறிப்பிடுங்கள். அந்தத் தீர்ப்பின் கடைசிப் பத்திகளையும் படித்துப் பாருங்கள். இத்தகைய வழக்குகளில், இதுவரை செய்தவை பாதிக்கப்படா என்று நீதிமன்றமே எழுதியிருப்பதுண்டு, அப்படி ஒரு வரி இருந்தால் அதன் கீழ் கோடிட்டுக் கொடுங்கள். ஒரு பக்கக் கடிதத்தில் 87-ஆவது பிரிவையும் கோகராஜு ரங்கராஜு தீர்ப்பையும் குறிப்பிட்டு, சட்டக் கருத்துரையை மறுபரிசீலனை செய்யுமாறு கேளுங்கள். அதன் பிறகும் மறுத்தால், எந்தப் பிரிவின்படி இந்தப் பதிவு செல்லாது என்று எழுத்தில் தரும்படி கிளை மேலாளரிடம் விண்ணப்பம் கொடுத்து, அதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.