பயணப் படங்கள் கூகுள் படத் தேடலில் வர: கோப்பின் பெயரும் படக்குறிப்பும்

கேள்வி: வேர்ட்பிரஸ்ஸில் தமிழ்ப் பயண வலைப்பூ வைத்திருக்கிறேன். படங்கள் எல்லாம் IMG_4521.jpg மாதிரிப் பெயரிலேயே கிடக்கின்றன, கூகுள் படத் தேடலில் ஒன்றும் வருவதில்லை. கோப்பின் பெயரைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்திலா? படக்குறிப்பில் என்ன எழுதுவது? பழைய படங்களின் பெயரையும் மாற்ற வேண்டுமா?

பதில்:

பழையவற்றைத் தொடாதீர்கள். இனி ஏற்றும் படங்களுக்கு ஏற்றுவதற்கு முன்பே பெயர் வையுங்கள். மிச்சமாகும் நேரத்தையெல்லாம் படக்குறிப்பில் செலவிடுங்கள். கோப்பின் பெயர் கூகுளுக்கு ஒரு சின்னத் தடயம்தான். படத்தைப் பார்க்க முடியாதவருக்காக அதை விவரிக்கும் ஆல்ட் வரி, கீழே உள்ள படக்குறிப்பு, படத்தை ஒட்டிய பத்தி, பக்கத்தின் தலைப்பு ஆகியவையே அது என்ன படம் என்பதைப் பெருமளவு சொல்கின்றன.

தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இந்த வேலையின் சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரே ஊரில் கிடைக்கும். ஊருக்குத் தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் Tharangambadi, பழைய ஐரோப்பிய வழக்கில் Tranquebar. 1620இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு டேன்ஸ்போர்க் என்று பெயர். ஆனால் பலரும் தேடுவது "டேனிஷ் கோட்டை" என்றுதான். நாலைந்து பெயர்களில் தேடப்படும் ஒரு இடம். ஒரு படத்துக்கு இருப்பதோ ஒரே கோப்புப் பெயர்.

முதலில் தமிழா ஆங்கிலமா என்பது. தமிழில் வைத்தாலும் கூகுள் படிக்கும், தடையில்லை. ஆனாலும் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழை ஆல்ட்டிலும் படக்குறிப்பிலும் தருவதே நல்லது என்பேன். காரணம் இரண்டு.

ஒன்று, முகவரியின் நீளம். இணைய முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் %E0%AE%A4 போல ஒன்பது எழுத்தாக விரியும். "தரங்கம்பாடி" என்ற சொல்லில் புள்ளி, கால், கொக்கி எல்லாம் சேர்த்துப் பதினொரு குறியீடுகள். ஊர்ப் பெயர் மட்டுமே 99 எழுத்து ஆகிவிடும். படத்தின் முகவரியை வாட்ஸாப்பில் ஒட்டினால் அது என்ன படம் என்று யாருக்கும் புரியாது.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது, அதனால்தான் ஆபத்தானது. "கோட்டை" என்பதில் உள்ள "கோ"வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், வழங்கிக்கோ இரண்டும் வேறு வேறு கோப்புகள். பழைய மேக் வட்டுகள் கோப்பின் பெயரை இரண்டாவது விதத்துக்கு மாற்றி வைக்கும் வழக்கம் உடையவை. அப்படி ஒரு கணினி வழியாக வந்த காப்புப் பிரதியை வேறு வழங்கிக்கு மாற்றும்போது, பதிவில் ஒரு விதமும் கோப்பில் இன்னொரு விதமும் நின்றுவிடும். "அரியலூர்.jpg" தெரியும், "கோட்டை.jpg" மட்டும் உடைந்திருக்கும். ஒ, ஓ, ஔ ஓசை வரும் பெயர்கள் மட்டும் உடைந்திருந்தால் காரணம் இதுதான்.

ஆங்கில எழுத்து என்று முடிவானதும் எந்த எழுத்துக்கூட்டல் என்ற கேள்வி வரும். கூகுள் மேப்ஸில் ஊரின் பெயர் எப்படி இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு படத் தேடல் பெட்டியில் அதன் முதல் சில எழுத்துகளைத் தட்டி, கூகுள் எதை முன்மொழிகிறது என்று பாருங்கள். ஒரு வலைப்பூவில் ஒரே எழுத்துக்கூட்டல்தான் இருக்க வேண்டும். மற்ற பெயர்களைக் கோப்பின் பெயரில் திணிக்காமல் படக்குறிப்புக்கு விடுங்கள்.

பெயரின் வரிசை: ஊர், பொருள், பிறகு இந்தப் படத்தை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு விவரம்.

```
tharangambadi-dansborg-fort-beach-side.jpg
tharangambadi-dansborg-fort-inner-courtyard.jpg
tharangambadi-masilamani-nathar-temple-shore.jpg
tharangambadi-new-jerusalem-church-king-street.jpg
```

சொற்களுக்கு நடுவே சிறுகோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். கூகுளும் சிறுகோட்டைத்தான் பரிந்துரைக்கிறது. எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். பெரும்பாலான வழங்கிகள் லினக்ஸில் ஓடுகின்றன, அங்கே Fort.jpg வேறு, fort.jpg வேறு. மூன்றாவது பகுதியை விட்டுவிட்டால் எல்லாப் படத்துக்கும் ஒரே பெயராகிவிடும். அப்போது வேர்ட்பிரஸ் தானாகவே -1, -2 என்று பின்னால் சேர்க்கும், பெயர் வைத்ததன் பயன் பாதி போய்விடும்.

கவனிக்க வேண்டிய இடம் இது: பெயர் மாற்றத்தைக் கணினியிலோ கைபேசியிலோ ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஊடக நூலகத்தில் Title என்ற கட்டத்தில் மாற்றினால் தலைப்பு மட்டும்தான் மாறும், கோப்பு IMG_4521.jpg ஆகவே இருக்கும். பலர் இதைச் செய்துவிட்டுப் பெயர் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். படத்தின் மேல் வலது சொடுக்கி, அதைப் புதிய தாவலில் திறந்து, முகவரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அங்கே இருப்பதுதான் உண்மையான பெயர்.

அடுத்தது ஆல்ட்டும் படக்குறிப்பும். இரண்டிலும் ஒரே வரியை ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஆல்ட் என்பது படத்தைப் பார்க்க முடியாதவருக்கு, படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்வது. பார்வையற்றவரின் திரைபடிப்பி அதைத்தான் வாசிக்கும். படக்குறிப்பு படத்தைப் பார்த்துவிட்டவருக்கு, அதில் தெரியாத ஒன்றைச் சொல்வது.

```html
<figure>
  <img src="tharangambadi-dansborg-fort-beach-side.jpg"
       alt="கடற்கரையிலிருந்து தெரியும் தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டை">
  <figcaption>தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டை, கடற்கரைப் பக்கம்.
  1620இல் கட்டத் தொடங்கியது. ஊரின் பழைய ஐரோப்பியப் பெயர்
  டிராங்க்யுபார் (Tranquebar).</figcaption>
</figure>
```

கோப்பில் ஒரு பெயர், ஆல்ட்டில் தமிழ்ப் பெயர், படக்குறிப்பில் மக்கள் வழங்கும் பெயரும் பழைய பெயரும். நாலைந்து பெயர்களும் இப்படித்தான் திணிப்பு இல்லாமல் உள்ளே வருகின்றன. "தரங்கம்பாடி, தரங்கம்பாடி கோட்டை, டேனிஷ் கோட்டை, தரங்கம்பாடி சுற்றுலா" என்று ஆல்ட்டில் அடுக்குவதைக் கூகுள் குப்பையாகப் பார்க்கும். திரைபடிப்பியில் கேட்பவருக்கு அது தொல்லையும்கூட.

படக்குறிப்பு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குப் புது எருசலேம் தேவாலயம் நல்ல எடுத்துக்காட்டு. "அழகிய பழைய தேவாலயம்" என்று எழுதினால் அதை யாரும் தேட மாட்டார்கள். "புது எருசலேம் தேவாலயம், கிங் தெரு, தரங்கம்பாடி. 1718இல் கட்டி முடிக்கப்பட்டது. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்" என்று எழுதினால், ஊரைத் தேடுபவரோடு சீகன்பால்குவைத் தேடுபவருக்கும் அந்தப் படம் கிடைக்க வழி உண்டு. பெயர், இடம், ஆண்டு, ஒரு தொடர்பு. இரண்டு மூன்று வாக்கியம் போதும். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்; தவறான ஆண்டு படத்தோடு சேர்ந்து ஊர் சுற்றும்.

படம் எங்கே நிற்கிறது என்பதும் படக்குறிப்புக்குச் சமமான விஷயம். கடலரிப்பில் பாதியை இழந்த மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றிய பத்திக்கு அடுத்தே அதன் படம் வர வேண்டும். பதிவின் கடைசியில் நாற்பது படங்களை ஒரே தொகுப்பாகக் கொட்டினால், ஒவ்வொன்றையும் சுற்றி மற்ற படங்கள்தான் இருக்கும், சொற்கள் இருக்காது. சில வார்ப்புருக்கள் முகப்புப் படத்தை CSS பின்னணியாகப் போடுகின்றன. அப்படிப் போட்டதைக் கூகுள் படத் தேடலில் சேர்ப்பதில்லை. உங்கள் மிகச் சிறந்த படம் அந்த இடத்தில் இருந்தால், பதிவின் உள்ளேயும் சாதாரணப் படமாக ஒருமுறை வையுங்கள்.

இனி பழைய படங்கள். அவற்றின் பெயரை ஏன் மாற்ற வேண்டாம் என்கிறேன்? வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் -300x200, -1024x683 என்று பல அளவுகளை உருவாக்கி வைத்திருக்கிறது. ஒரு பெயரை மாற்றினால் அத்தனையையும் மாற்ற வேண்டும், பதிவுக்குள் உள்ள முகவரிகளையும் மாற்ற வேண்டும், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திருப்பமும் போட வேண்டும். கூகுள் பக்கங்களை எட்டிப் பார்க்கும் அளவுக்கு அடிக்கடி படங்களை எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் புதிய முகவரி நிலைபெற மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை இருந்த கொஞ்சமும் போய்விடும். ஒரு சின்னத் தடயத்துக்காக இவ்வளவு இழப்பு தேவையில்லை.

பழைய பதிவுகளில் ஆல்ட்டையும் படக்குறிப்பையும் திருத்தினால் முகவரி மாறாது, பலனும் அதிகம். ஆனால் இதிலும் ஒரு பொறி உண்டு. ஊடக நூலகத்தில் Alt Text எழுதினால், ஏற்கெனவே பதிவில் செருகிய படத்துக்கு அது போய்ச் சேராது. செருகிய நேரத்தில் இருந்த ஆல்ட்டின் நகல்தான் பதிவில் இருக்கும். ஆகவே பதிவைத் திறந்து, படத்தைத் தொட்டு, வலப்பக்கப் பட்டையில் எழுத வேண்டும். நூலகத்தில் நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஆல்ட் எழுதி முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. முதலில் ஒரு படத்தில் செய்து, பக்கத்தின் மூலத்தைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

பலனை அளக்கக் கூகுளின் Search Console-இல் Performance அறிக்கையைத் திறந்து, Search type என்பதை Image என்று மாற்றுங்கள். எந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கத்தின் படம் தோன்றியது என்று அங்கே தெரியும். திருத்திய தேதியைக் குறித்து வைத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தை ஒப்பிடுங்கள். ஒரு வாரத்தில் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். படக்குறிப்பில் நீங்கள் எழுதாத ஏதாவது பெயரில் ஆட்கள் தேடி வந்திருந்தால், அந்தப் பெயரை அடுத்த திருத்தத்தில் சேருங்கள்.

எதிர்பார்ப்பின் அளவையும் சொல்லிவிடுகிறேன். கோட்டையின் முகப்பு ஏராளமானோர் எடுத்த படம். எவ்வளவு ஒழுங்காகப் பெயர் வைத்தாலும் அதில் முன்வரிசைக்கு வருவது கடினம். கோட்டையின் உள்ளறை, கடலோரக் கோயிலில் மிஞ்சிய கற்கள், 1792ஆம் ஆண்டைச் சேர்ந்த ஊர் வாயில், பேருந்து நிறுத்தத்து நேரப் பலகை போன்றவற்றின் படங்கள் இணையத்தில் குறைவு. நேரம் குறைவாக இருந்தால் இவற்றின் படக்குறிப்புகளிலிருந்தே தொடங்குங்கள்.